தங்கி வேலை செய்யும் பராமரிப்பாளருக்குச் சம்பளம்: சோற்றுக்கும் அறைக்கும் எவ்வளவு கழிக்கலாம்?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ ஒரு தமிழ் வீட்டில் பாட்டி படுத்த படுக்கையாகிவிட்டார், பிள்ளைகள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தேடுவார்கள். சம்பளப் பேச்சு வரும்போது அடிக்கடி கேட்கும் வாசகம் இது: "மாதம் 3,500 ரேண்ட் தருகிறோம். சாப்பாடு நம்ம வீட்டில்தான். தங்க அறையும் இருக்கிறது. அவளுக்கு என்ன செலவு?"

கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. சாப்பாட்டுக்கும் அறைக்கும் விலை உண்டு, அதையும் சம்பளத்தோடு சேர்த்துப் பார்ப்பதில் என்ன தவறு என்று தோன்றும். ஆனால் அந்த விலையை யார் போடுவது, எதை வைத்துப் போடுவது, எங்கே நிறுத்துவது என்ற மூன்றையும் வீட்டுக்காரரே முடிவு செய்தால், பராமரிப்பாளரின் கையில் வரும் பணம் எவ்வளவு வேண்டுமானாலும் சுருங்கிவிடும். தென்னாப்பிரிக்கச் சட்டம் இதற்குத் தெளிவான எல்லை போட்டிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டின் கணக்கைக் கடைசி வரை போட்டுப் பார்ப்பதுதான் நல்ல வழி. வீடு கற்பனை, விதிகள் உண்மை.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு குடும்பம். பாட்டிக்கு 84 வயது, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. உம்லாசியிலிருந்து ஒரு பெண் வந்து தங்குகிறார். பாட்டியை அவர் "கோகோ" என்று கூப்பிடுகிறார். திங்கள் முதல் சனி வரை வேலை, சனி இரவு ஊருக்குப் போய்த் திங்கள் காலை திரும்புவார். காலை 6.30 முதல் 10.30 வரை குளிப்பாட்டுவது, மாத்திரை, கஞ்சி. நண்பகல் 12 முதல் 2 வரை சாப்பாடு ஊட்டி, திருப்பிப் படுக்கவைப்பது. மாலை 5 முதல் 8 வரை மறுபடியும். இடைப்பட்ட நேரத்தில் பாட்டியின் மகள் பார்த்துக்கொள்வார், இவர் வெளியே போகலாம், தூங்கலாம். ஆக ஒரு நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம்.

குடும்பம் இப்படிக் கணக்குப் போடுகிறது: ரொக்கம் 3,500, சாப்பாடு 2,000, பின்பக்க அறைக்கு அந்தத் தெருவில் வாடகை 1,800. மொத்தம் 7,300 ரேண்ட். "கவர்ன்மென்ட் சொல்கிற குறைந்தபட்சக் கூலிக்கு இது சரியாக வருகிறதே" என்கிறார் மருமகன். அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. அதனால்தான் இந்தக் கணக்கு இவ்வளவு எளிதாக எல்லோரையும் ஏமாற்றிவிடுகிறது.

முதலில் மணி நேரம்

வயதானவர்களையும் நோயாளிகளையும் ஒரு வீட்டில் இருந்து பார்த்துக்கொள்பவரைத் தென்னாப்பிரிக்கச் சட்டம் வீட்டுப் பணியாளராகவே கணக்கில் எடுக்கிறது. அவர்களுக்கென்று 2002-இல் வந்த விதித்தொகுப்பை செக்டோரல் டிடர்மினேஷன் 7 என்பார்கள். வேலை நேரம், விடுப்பு, கழிவு எல்லாம் அதில் இருக்கிறது. கூலியின் அளவை மட்டும் இப்போது 2018-ஆம் ஆண்டின் தேசியக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் தீர்மானிக்கிறது. அந்தச் சட்டம் 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது பொதுவான கூலி மணிக்கு 20 ரேண்ட், வீட்டுப் பணியாளருக்கு 15 ரேண்ட்தான். 2022 மார்ச்சில்தான் அந்த வேறுபாடு நீங்கியது. 2025 மார்ச் 1-இல் வந்த தொகை, வீட்டுப் பணியாளருக்கும் மணிக்கு 28.79 ரேண்ட். இந்தக் கணக்கு அதை வைத்துப் போட்டது. வழக்கமாக மார்ச் மாதம் இது மாறும். ஆகவே நீங்கள் படிக்கும் ஆண்டின் தொகையை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள், வழிமுறை மாறாது.

வாரத்தில் சாதாரண வேலை நேரம் 45 மணி. அதற்கு மேல் போனால் ஓவர்டைம், அதற்கு ஒன்றரை மடங்கு கூலி. மாதக் கணக்குக்கு 52 வாரத்தை 12-ஆல் வகுக்க வேண்டும். நாலு வாரம் என்று வைத்தால் ஆண்டில் நாலு வாரக் கூலி காணாமல் போய்விடும். 45 × 52 ÷ 12 = 195 மணி. அதை 28.79-ஆல் பெருக்கினால் 5,614 ரேண்ட்.

நம் பெண் செய்வது 54 மணி. மீதி 9 மணி ஓவர்டைம். அது மாதத்துக்கு 39 மணி. ஒன்றரை மடங்கு கூலி 43.19 ரேண்ட் என்றால் ஏறத்தாழ 1,684 ரேண்ட். இரண்டையும் கூட்டினால் 7,298.

மருமகன் சொன்ன 7,300 இங்கேதான் ஒத்துப்போகிறது. மொத்தம் சரி. ஆனால் அந்த மொத்தத்தை எதைக் கொண்டு நிரப்பலாம் என்பதில்தான் தவறு.

சோறு கணக்கில் வராது

குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு ஒரு விஷயத்தை வெட்டவெளிச்சமாகச் சொல்கிறது. வேலை செய்ய உதவுவதற்காகத் தரும் போக்குவரத்து, உணவு, தங்கும் படிகளும், பொருளாகத் தரும் சாப்பாடும் தங்குமிடமும், பரிசும் போனஸும் குறைந்தபட்சக் கூலியில் சேராது. துறைக்கென்று தனி விதி வேறு மாதிரி சொன்னால் மட்டும்தான் விலக்கு. செக்டோரல் டிடர்மினேஷன் 7 தங்கும் அறைக்கு மட்டும் ஒரு சிறிய விலக்குத் தருகிறது. வேலை நேரத்தில் தரும் சாப்பாட்டுக்குக் கழிக்கவே கூடாது என்கிறது. சீருடை, வேலைக்கான சாமான், உடைந்த கோப்பை ஆகியவற்றுக்கும் கழிவு கிடையாது.

ஆக குடும்பம் போட்ட 2,000 ரேண்ட் அப்படியே பூஜ்யமாகிறது.

இது கடுமையாகத் தெரியலாம். "நாங்கள் சாப்பிடுவதைத்தானே கொடுக்கிறோம், அதுவும் குறையில்லாமல்" என்று பாட்டியின் மகள் கேட்பார். அவர் மனசு சுத்தமானது, சந்தேகமில்லை. ஆனால் புரட்டாசி மாதத்தை நினைத்துப் பாருங்கள். வீடு முழுக்க சைவம். கறி, மீன் சமையலறைக்குள் வராது. மாட்டிறைச்சி வருஷம் முழுக்கவே கிடையாது. அந்தப் பெண்ணுக்குப் பழக்கமான உணவு வேறு: மக்காச்சோள மாவில் கிண்டிய கெட்டிக் களி, பீன்ஸ், கூட இறைச்சிக் குழம்பு. பருப்பும் சோறும் அவருக்கு வெறுப்பில்லை, ஆனால் அது அவர் தேர்ந்தெடுத்ததும் இல்லை. 2,000 ரேண்ட் கையில் கிடைத்திருந்தால் அவர் அதில் என்ன வாங்குவாரோ, அதை இந்த வீட்டுச் சாப்பாடு தரவில்லை. மீதம் பிடித்து ஊரிலுள்ள பிள்ளையின் பள்ளிக்கூடக் காலணிக்கும் அனுப்ப முடியாது. பணத்தைப் போல அங்குமிங்கும் மாற்றிச் செலவழிக்க முடியாத ஒன்றுக்குப் பணத்தின் முழு விலையைப் போடுவது நியாயமில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஏற்கெனவே நாலு பேருக்கு வேகும் பானையில் ஐந்தாவது ஆளுக்குக் கூடுதலாக ஆகும் செலவு, வீட்டின் மொத்த மளிகைச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு ஆகாது. அவர் வருவதற்கு முந்தைய மூன்று மாத மளிகை பில்லையும் வந்தபின் மூன்று மாத பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் எவ்வளவோ அதுதான் உங்கள் உண்மையான செலவு. 2,000 என்று வாயில் வந்த தொகை அங்கே பெரும்பாலும் 900-க்கோ 1,000-க்கோ வந்து நிற்கும்.

அறைக்கு: பத்து சதவீதம் வரை, அதுவும் நிபந்தனையோடு

அறைக்குக் கழிக்கலாம், கூலியில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சும்மா ஒரு மூலையில் மெத்தை போட்டுவிட்டு இதைக் கழிக்க முடியாது. மழை ஒழுகாமல், நல்ல நிலையில் அறை இருக்க வேண்டும். ஒரு ஜன்னலாவது இருக்க வேண்டும். பூட்டக்கூடிய கதவு இருக்க வேண்டும். வேறு குளியலறையைப் பயன்படுத்த வழியில்லை என்றால், கழிவறையும் குளிக்க ஷவரோ தொட்டியோ அதோடு இருக்க வேண்டும்.

பாட்டியின் அறையிலேயே தரையில் படுக்கச் சொல்லும் வீடுகள் உண்டு. ராத்திரி கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்பார்கள். அப்படியானால் கழிவு பூஜ்யம், ஒரு சென்ட்கூட கழிக்க முடியாது. பூட்டும் கதவு என்ற நிபந்தனையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ள முடியாத இடத்தில் ஒருவருக்கு ஓய்வு நேரம் என்பதே இல்லை. எந்த நேரமும் யாராவது வந்து "ஒரு நிமிஷம்" என்பார்கள்.

நம் வீட்டில் பின்பக்க அறை நல்ல அறை, நிபந்தனை எல்லாம் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நேரக் கூலியான 5,614-இல் பத்து சதவீதம் 561 ரேண்ட். அறையின் தெரு வாடகை 1,800 ஆனாலும் 2,500 ஆனாலும் இதற்கு மேல் இல்லை. 7,298-இலிருந்து 561 போனால் 6,737. அதிலிருந்து வேலையில்லாக் காப்பீடான யு.ஐ.எஃப்.-க்கு அவர் பங்கு ஒரு சதவீதம், சுமார் 73 ரேண்ட் போகும். குடும்பமும் இன்னொரு சதவீதம் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். அவர் கையில் வர வேண்டியது ஏறத்தாழ 6,664 ரேண்ட்.

குடும்பம் தந்தது 3,500. மாதம் 234 மணி நேரத்துக்கு அதை வகுத்தால் மணிக்கு 15 ரேண்டுக்கும் கொஞ்சம் குறைவு. சட்டம் சொன்னதில் பாதிதான். நல்ல எண்ணத்தோடு, மூன்று வேளையும் சோறு போட்டு, அறையும் கொடுத்த ஒரு குடும்பம் இது. மாதம் மூவாயிரத்துக்கு மேல் குறைத்துக் கொடுத்திருக்கிறது.

இரவு: எல்லோரும் மறந்துவிடும் பகுதி

மேலே போட்ட கணக்கில் இரவு இல்லை. ஏனென்றால் இந்த வீட்டில் இரவு 8 மணிக்குப் பிறகு பாட்டியை மகள் பார்த்துக்கொள்கிறார். பல வீடுகளில் அப்படி இல்லை. "அங்கேதானே படுத்திருக்கிறாள், கூப்பிட்டால் வரட்டும்" என்பது தங்கி வேலை செய்பவர்களின் கூலியை அறையைவிட அதிகமாகத் தின்றுவிடும்.

இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை வீட்டிலேயே இருக்க வேண்டும், தூங்கலாம், தேவைப்பட்டால் எழுந்து வர வேண்டும் என்பதை விதி ஸ்டான்ட்பை என்கிறது. அது எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் செல்லும், ஒவ்வோர் இரவுக்கும் தனிப் படி தர வேண்டும். எழுந்து செய்யச் சொல்லும் வேலையும் காலை வரை தள்ளிப்போட முடியாததாக இருக்க வேண்டும். மாதத்தில் 5 இரவுக்கு மேல், ஆண்டில் 50 இரவுக்கு மேல் கூடாது.

மாதத்தில் 5 என்ற எல்லையைக் கவனியுங்கள். பக்கவாதம் வந்தவரைப் படுக்கைப் புண் வராமலிருக்க இரவிலும் சில மணிக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டியிருக்கும். அது தினசரி வேலை. அதை ஸ்டான்ட்பைக்குள் அடைக்க முடியாது, அறை கொடுத்ததற்குக் கைமாறாகவும் கேட்க முடியாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு இரவுக்கென்று இரண்டாவது ஆள் வேண்டும், அல்லது குடும்பத்தில் ஒருவர் முறை போட்டு எழுந்திருக்க வேண்டும். இதைச் சொன்னால் பலருக்கு முகம் மாறும். செலவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் பகலில் 9 மணி வேலை செய்து இரவில் மூன்று முறை எழுந்தவர், மறுநாள் காலை பாட்டியைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோகும்போது கால் தடுமாறினால் விழுவது இருவரும்தான்.

பிரச்சினை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி: சமையலறை நாட்காட்டியில் இரண்டு வாரம், இரவில் எத்தனை தடவை எழுப்பினீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று பராமரிப்பாளரே குறித்து வைக்கட்டும்.

குறைந்தபட்சத்துக்கு மேல் பேசும்போது

இதுவரை பார்த்தது தரை. அதற்கு மேல் பேரம் பேசிக்கொள்ள இருவருக்கும் உரிமை உண்டு. அங்கேதான் 'நியாயமான விலை' என்ற கேள்வி உண்மையில் வருகிறது.

தென்னாப்பிரிக்கா 2013-இல் ஏற்றுக்கொண்ட, சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை, பொருளாகத் தரும் ஊதியத்துக்கு மூன்று சோதனை வைக்கிறது. பணியாளர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அது அவருடைய சொந்த உபயோகத்துக்கும் நன்மைக்கும் ஆனதாக இருக்க வேண்டும், போடும் விலை நியாயமாக இருக்க வேண்டும். அதோடு வந்த 201-ஆம் பரிந்துரை இன்னும் ஒரு படி போகிறது. அங்கே தங்கித்தான் ஆக வேண்டும் என்று வீட்டுக்காரர் நிபந்தனை போட்டால், பணியாளர் ஒப்புக்கொள்ளாத வரை அந்த இடத்துக்குக் கழிவே கூடாது என்கிறது. பரிந்துரை சட்டம்போலக் கட்டாயம் இல்லை. ஆனால் அதிலுள்ள நியாயம் எனக்கு அசைக்க முடியாததாகப் படுகிறது. அந்த அறை யாருக்காக? பாட்டிக்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக. அந்தப் பெண்ணுக்கு உம்லாசியில் வீடு இருக்கிறது, அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த வீட்டுச் செலவு நிற்கவில்லை.

நான் சொல்லும் முறை இது. முதலில், வெளியிலிருந்து வந்துபோகும் ஒருவருக்கு இதே வேலைக்கு, இதே மணி நேரத்துக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 9,000 என்று வைப்போம். அப்புறம் சோறு, அறை ஒவ்வொன்றுக்கும் இரண்டு தொகை எழுதுங்கள்: வீட்டுக்கு உண்மையில் கூடுதலாக எவ்வளவு ஆகிறது, அவருக்கு உண்மையில் எவ்வளவு மிச்சமாகிறது. இரண்டில் எது குறைவோ அதை எடுங்கள். சோற்றுக்கு வீட்டுச் செலவு 900, அவருக்கு மிச்சம் 700 என்றால் 700. அறைக்கு வாடகை 1,800 வந்திருக்கலாம். ஆனால் அவருக்கு வாடகை எதுவும் மிச்சமாகவில்லை, தினமும் டாக்ஸி மாறி வரும் செலவில் ஒரு பகுதிதான் மிச்சம். தங்கச் சொன்னது நீங்கள், விருந்தாளி வரக் கூடாது, வேலை போனால் அறையும் போகும். இதையெல்லாம் இருவரும் உட்கார்ந்து பேசி 400 என்று முடிவு செய்கிறார்கள். 9,000-இலிருந்து 1,100 போனால் 7,900. இது தரையான 7,298-க்கு மேலே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கிறது, சரி.

இங்கே ஒரு பொறி உண்டு. 7,900 என்று பேசும்போதே அறையின் விலையைக் குறைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு சம்பளச் சீட்டில் மறுபடி "அறைக் கழிவு பத்து சதவீதம்" என்று போட்டால் ஒரே அறைக்கு இரண்டு முறை வாங்குவதாகும். எந்த வழி என்பதை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, வேலை விவரத் தாளில் எழுதிவிடுங்கள். பொருளாகத் தருவது என்ன, அதன் மதிப்பு என்ன, கழிவு என்ன என்பவற்றை எழுத்தில் தருவது வீட்டுக்காரரின் கடமை. மாதச் சீட்டிலும் மொத்தக் கூலி ஒரு வரி, ஓவர்டைம் ஒரு வரி, அறை ஒரு வரி, யு.ஐ.எஃப். ஒரு வரி என்று தனித்தனியாக இருக்கட்டும். "எல்லாம் சேர்த்து 3,500" என்ற ஒற்றை வரிச் சீட்டைப் பார்த்தால் உள்ளே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்தனை நாள் குறைத்துக் கொடுத்துவிட்டோம் என்று தெரியவந்த குடும்பம், எந்த மாதத்திலிருந்து எத்தனை மணி நேரம் என்று இருவருமாக எழுதி, மாதாமாதம் எவ்வளவு தீர்ப்பது என்று ஒரு தாளில் ஒப்புக்கொள்வது நல்லது. அது நடக்காவிட்டால் பராமரிப்பாளர் தொழிலாளர் துறையின் ஆய்வாளரிடமோ, தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.-யிடமோ போகலாம். அங்கே நிலுவையோடு அபராதமும் சேரக்கூடும்: முதல் தடவையே, குறைத்த தொகையின் இரு மடங்கு அல்லது மாதக் கூலியின் இரு மடங்கு, இதில் எது பெரிதோ அது. புகார் கொடுத்ததற்காக அறையைக் காலி செய்யச் சொல்ல முடியாது. வேலையை முறையான நோட்டீஸ் தராமல் உடனே நிறுத்தினாலும், குறைந்தது ஒரு மாதம் அந்த அறையில் இருக்க அவருக்கு உரிமை உண்டு.